பெயரோடு ஒட்டிய வயது

வைத்திக்குப்பம் பகுதிக் கடைக்காரர்களைக் குழுக் காப்பீட்டில் சேர்ப்பதற்காக, பழைய அச்சுப் பட்டியலை ஸ்கேன் செய்து, எழுத்தறியும் மென்பொருள் மூலம் எக்செல்லுக்கு மாற்றினோம். பெயர், வயது, கதவு எண், தொலைபேசி என நான்கு பத்திகள். சரிபார்த்தபோது, 62 வயதுப் பாலசுப்பிரமணியனுக்கு 41 என்று இருந்தது. அது அவருடைய கதவு எண்!

காரணம் எளியது. இரு சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பார்த்தே மென்பொருள் பத்தி பிரிக்கிறது. முருகன் என்ற சிறிய பெயருக்குப் பின் நிறைய இடம் இருக்கும். நீளமான பெயரோ வயதை நெருங்கி விடும். அப்போது "பாலசுப்பிரமணியன் 62" ஒரே கட்டத்தில் விழுகிறது. அடுத்தவை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்கின்றன. 41 ஒரு வயதாகவும் இருக்கக்கூடும் என்பதால் கண்ணுக்குத் தப்பி விடுகிறது. இழப்பீடு கேட்கும் நாளில்தான் தகராறு வரும்.

நகர்ந்த வரிகளில் கடைசிக் கட்டம் காலியாகும். எனவே முதலில் நிரம்பிய கட்டங்களை எண்ண வேண்டும்.

```
=COUNTA(A2:D2)
```

நான்கு வந்தால் சரி. மூன்று வந்த வரிகளை மட்டும் வேறு தாளுக்கு நகலெடுத்து, வயதையும் பெயரையும் இப்படிப் பிரிக்கலாம்.

```
=RIGHT(TRIM(A2),2)*1
=TRIM(LEFT(TRIM(A2),LEN(TRIM(A2))-2))
```

முதலாவது கடைசி இரு எழுத்துகளை எண்ணாக எடுக்கும். இரண்டாவது மீதியைப் பெயராகத் தரும். இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தாலும் பிரிந்து விடும். இடைவெளி உள்ள இடமெல்லாம் வெட்டும் முறையை நாடாதீர்கள். "அ. ம. செல்வராஜ் 52" என்பது நான்கு துண்டாகிப் போகும்.

பிரித்த பின் இரண்டைக் கவனிக்க வேண்டும். வயதிடத்தில் `#VALUE!` வந்தால், 0 என்ற எண் ஆங்கில O எழுத்தாகப் படிக்கப்பட்டிருக்கலாம். அல்லது தொலைபேசி எண்ணே கொடுக்காத உறுப்பினராக இருக்கலாம். பெயரின் கடைசியில் 1 ஒட்டியிருந்தால், பத்திக்கோடு எண்ணாகப் படிக்கப்பட்டது என்று பொருள். இரண்டிலும் மூலத்தாளைப் பார்த்தே திருத்த வேண்டும்.

தமிழ் எண்களில் எழுதிய பழைய பதிவேடுகளுக்கு இம்முறை உதவாது. ௧ என்பது க போலவும், ௭ என்பது எ போலவும் இருப்பதால், வயது பெயரின் எழுத்தாகவே மாறி விடும். அவற்றைக் கையால் எழுதுவதே பாதுகாப்பு.

முடிவில், பிரித்த வரிகளைச் சேர்த்து மொத்த வரிகளை அச்சுப் பட்டியலோடு எண்ணிப் பாருங்கள். கல்லாவைக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது போலத்தான் இதுவும்.