பிபிஸ்ட்ரெல் எண்ணும் இரவுகள்

1990களின் பிற்பாதியில் பிரிட்டனில் தேசிய வௌவால் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியபோது, தன்னார்வலரின் கையில் ஒரு சிறிய டிடெக்டரும் பென்சிலும்தான் இருந்தன. ஜூலை மாதத்தில் இரண்டு முறை, அந்திக்குப் பின், குறித்த பாதையில் நடப்பார்கள். நடக்கும்போது டிடெக்டரின் திருகு 25 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். அது நாக்டியூல் வௌவாலுக்காக. நின்று கேட்கும் இடங்களில் 50க்குத் திருப்பி பிபிஸ்ட்ரெல்லுக்குக் காத்திருப்பார்கள். வௌவாலின் குரல் காதுக்கு எட்டாத சுருதியில் இருப்பதால், திருகு நிற்கும் இடத்துக்கும் குரலுக்கும் உள்ள இடைவெளியைத்தான் கருவி கேட்கும் ஒலியாகத் தரும். திருகு சரியான இடத்தில் வந்து நின்றதும் ஈரத்துணியை அறைவதுபோல் தடித்த சத்தம் கேட்கும். அது 45ஐ ஒட்டி வந்தால் காமன் பிபிஸ்ட்ரெல், 55ஐ ஒட்டி வந்தால் சொப்ரானோ பிபிஸ்ட்ரெல். அதுவரை ஒன்றென நினைத்த இவை இரண்டு இனங்கள் என்பதே இந்தக் குரல் வேறுபாட்டைப் பின்தொடர்ந்துதான் தெளிவானது. ஆனால் திருகு 50இல் நிற்கும் நேரத்தில் 25இல் கத்திப் போன வௌவால் யார் கணக்கிலும் ஏறாது.

இன்று திருகு இல்லாமலும் கேட்கலாம். மரத்தில் கட்டிய சிறு பெட்டி நொடிக்கு 3,84,000 முறை ஒலியை அளந்து, எல்லா அலைவரிசையையும் சேர்த்தே பதிகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.8 ஜிபி. 10 பெட்டிகள், 14 இரவுகள், இரவுக்கு 8 மணி நேரம் என்றால் 3 டெராபைட்டைத் தாண்டும். எம்பி3 ஆக்கிச் சுருக்கவும் வழியில்லை. மனிதக் காதுக்கு வேண்டாததை அது வெட்டிவிடும், வௌவால் இருப்பதோ அங்கேதான். சத்தம் வந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் இடம் மிச்சமாகும். தூரத்து மெல்லிய குரல்கள் போய்விடும்.

இத்தனையையும் மென்பொருள்தான் கேட்கவேண்டும். அது ஒவ்வொரு குரலுக்கும் ஓர் இனப்பெயரும் நம்பிக்கை மதிப்பெண்ணும் தருகிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வேலிப் புதரில் கத்தும் வெட்டுக்கிளிகளும் மீயொலியில் பாடுகின்றன. மென்பொருள் அவற்றுக்கு வௌவால் பெயர் வைத்துவிடலாம். ஒரே பெட்டியில், ஒரே சீரான இடைவெளியில், மணிக்கணக்கில் ஓர் 'அரிய இனம்' வந்தால் முதல் சந்தேகம் வெட்டுக்கிளிமேல் விழவேண்டும். நான் நம்பும் வழி இது: ஒவ்வோர் இனத்திலும் மதிப்பெண் அடுக்கு ஒன்றுக்கு 50 கோப்புகளைக் குலுக்கி எடுத்து, ஸ்பெக்ட்ரோகிராமைக் கண்ணால் பார்ப்பது. 0.9க்கு மேல் 50இல் 48 சரி, 0.6ஐ ஒட்டி 50இல் 20 மட்டுமே சரி என்றால் வெட்டுக்கோடு எங்கே விழவேண்டும் என்று தெரிந்துவிடும். அரிய இனமென்றால் ஒன்றுவிடாமல் பார்க்கவேண்டும். 50 கிலோஹெர்ட்ஸில் முடியும் குரலை எந்த மதிப்பெண் வந்தாலும் 'பிபிஸ்ட்ரெல்' என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை. இரண்டு இனங்களின் குரலும் அங்கே கலக்கின்றன.

நடந்தவர் தலைக்குமேல் வட்டமிட்ட ஒரே வௌவாலை அந்தி வெளிச்சத்தில் கண்ணாலும் பார்க்க முடிந்தது. பெட்டிக்கு அது பத்து முறை கடந்த குரல். பத்து வௌவால்களா, ஒன்றேதானா என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் பழைய நடையின் எண்ணிக்கைக்குப் பின்னால் பெட்டியின் எண்ணிக்கையை ஒட்டி ஒரே கோடாக வரையக்கூடாது. சில ஆண்டுகளாவது, அதே பாதையில், அதே ஜூலையில், இரண்டும் சேர்ந்து நடக்கவேண்டும்.