உங்களுக்குத் தெரியுமா? மாடியில் விழும் மழை எத்தனை லிட்டர்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். சென்னையில் 30க்கு 40 அடி மொட்டைமாடி என்றால் ஏறக்குறைய 111 சதுர மீட்டர். மழை அட்டவணையில் நவம்பருக்கு 350 மி.மீ. என்றிருந்தால் 38,850 லிட்டர் விழும். தளம் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக, 80 சதவீதம், அதாவது சுமார் 31,000 லிட்டர் கைக்கு வரும்.

பரப்பைக் கணக்கிட எடுக்கும் கூரை வரைபடம் போட்டோவாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் அளவுகளை மட்டும் நம்புங்கள். சாய்வாக எடுத்த படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தள்ளியிருக்கும் பக்கம் குறுகிவிடும். ஓட்டுக் கூரைக்குச் சரிவின் நீளம் வேண்டாம்; அது தரையில் மறைக்கும் பரப்பே கணக்கு.

மாதக் கணக்கை வைத்துத் தொட்டி கட்டிவிடாதீர்கள். இந்த மாடியில் 56 மி.மீ. மழைக்கே 5,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். மீதி கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ போக வழி வேண்டும்.