தவணையும் வட்டியும்

வளர்ந்துவரும் பின்னலாடை நிறுவனம் ஒன்று, மார்ச் 16 அன்று 12 விழுக்காடு ஆண்டு வட்டிக்கு ரூ.12,00,000 வங்கிக்கடன் பெறுகிறது. 12 மாதங்களில் தீர்க்க மாதத் தவணை ரூ.1,06,619. முதல் தவணையில் வட்டி ரூ.12,000, எஞ்சிய ரூ.94,619 மட்டுமே அசலைக் குறைக்கும். அசல் குறைவதால் அடுத்த மாத வட்டி ரூ.11,054 ஆகும். இ.ஆர்.பி. மென்பொருளில் தவணை அட்டவணையைச் சரியாக உள்ளிட்டால், ஒவ்வொரு தவணையும் இவ்வாறு பிரிந்தே பதிவாகும். தவணை முழுவதையும் கடன் கணக்கில் பற்று வைப்பது எளிதில் நேரும் பிழை. அவ்வாறாயின் ஏட்டிலுள்ள கடன் இருப்பு, வங்கி அறிக்கையிலுள்ளதைவிட முதல் மாதமே ரூ.12,000 குறைந்து நிற்கும்.

முதல் தவணை ஏப்ரல் 16இல் செலுத்தப்பட்டாலும், மார்ச் 31 வரை சேர்ந்த ஏறத்தாழ ரூ.6,000 வட்டி முடிவுறும் நிதியாண்டின் செலவே ஆகும். அதனைக் ‘கொடுபட வேண்டிய வட்டி’ எனப் பதியாவிடில் அவ்வாண்டின் இலாபம் மிகையாகத் தோன்றும். பதிந்திருப்பின், ஏப்ரலில் செலுத்தும் வட்டியில் ஒரு பாதி அப்பொறுப்பைத் தீர்க்கும். மறுபாதியே புதிய ஆண்டின் செலவாகும்.