எட்டு வாரம் சோறு இல்லை

வயது 23. உயரம் 170 செ.மீ. எட்டு மாதங்களுக்கு முன் 61 கிலோ இருந்தவர், இப்போது 46. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனால் தொப்புளைச் சுற்றி வலி கிளம்பும், வயிறு உப்பும், உள்ளே கடமுடவென்று சத்தம் உருளும். வாந்தி எடுத்தாலோ, காற்று பிரிந்தாலோ வலி அடங்கிவிடும். வலிக்குப் பயந்தே மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டார். (இவர் ஒரு தனி மனிதர் அல்லர். குரோன் நோயோடு வரும் இளைஞர்களிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் காண்பவற்றைத் திரட்டி அமைத்த மாதிரி இவர். அவரைப் பற்றிய எண்களும் அப்படித்தான்.)

இந்த வலியின் நடை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. சாப்பாட்டோடு வந்து, அலை அலையாக ஏறி, சத்தத்தோடு வடியும் வலி என்றால் குடலில் எங்கோ பாதை குறுகியிருக்கிறது. அதன் வழியே சாப்பாட்டைத் தள்ளக் குடல் முண்டுகிறது. ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தபோது, சிறுகுடல் பெருங்குடலில் வந்து சேரும் வாயில் புண்கள் தெரிந்தன. வாய் மிகவும் சுருங்கியிருந்ததால் கேமரா அதைத் தாண்டிப் போகவில்லை.

நம் நாட்டில் அந்த இடத்தில் புண்ணும் சுருக்கமும் இருந்தால் முதலில் நினைவுக்கு வருவது குடல் காசநோய். அது தவறான சந்தேகம் இல்லை. காசநோயும் குரோன் நோயும் குடி புகுவதற்கு விரும்பும் இடம் அதே கடைசிச் சிறுகுடல்தான். எடுத்த சதைத் துணுக்கில் காசநோய்க் கிருமி பல நேரம் அகப்படுவதும் இல்லை. அதனால் இவருக்கும் காசநோய் மாத்திரைகள் தொடங்கப்பட்டன. முதல் சில வாரங்களில் கொஞ்சம் தேவலை என்றார். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நோயாளி சொல்லும் முன்னேற்றம் போதாது, புண் ஆறியிருக்க வேண்டும். காசநோயாக இருந்தால் இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் புண் ஆறிவிடும். மறுபடி கேமரா விட்டுப் பார்த்தபோது இவருடைய புண்கள் அப்படியே இருந்தன. ஆறு மாத மாத்திரையும் முடியட்டும் என்று காத்திருந்தால், அத்தனை மாதமும் குரோன் நோய் குடலைச் சுருக்கிக்கொண்டே இருந்திருக்கும்.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் குரோனும் இரு சகாக்களும் 1932இல் இந்த நோயை விவரித்து எழுதினார்கள். அவர்கள் காட்டிய நோயாளிகளுக்கும் பாதிப்பு இதே கடைசிச் சிறுகுடலில்தான். குரோன் நோயின் அழற்சி குடலின் உள்தோலோடு நிற்பதில்லை, சுவரின் முழுக் கனத்திலும் ஊறுகிறது. அழற்சியால் சுவர் வீங்கும். வீக்கத்தை ஆற்ற முயலும் உடல் அங்கே நார்த்திசுவைக் கொட்டும், தசையும் தடிக்கும். ஆகவே குறுகிய குடல் ஒவ்வொன்றிலும் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது: வீக்கம் ஒன்று, தழும்பு இன்னொன்று. வீக்கம் மருந்துக்கு இறங்கும், தழும்பு இறங்காது.

எம்.ஆர். என்டரோகிராபி என்ற ஸ்கேனில் இவருக்கு 12 செ.மீ. நீளத்துக்குக் குடல் சுருங்கியிருந்தது. உள்ளே திறப்பு 4 மி.மீ.தான். அதற்கு மேலிருந்த குடல், தள்ளித் தள்ளிக் களைத்து 3.6 செ.மீ. அகலத்துக்கு விரிந்திருந்தது. சீழ்க்கட்டி இல்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 48, மலத்தில் கால்ப்ரோடெக்டின் 1,100. இரண்டுமே வீக்கம் நிறைய இருப்பதைச் சொல்கின்றன. மேல்குடல் இவ்வளவு விரிந்திருப்பதோ தழும்பும் இருப்பதைச் சொல்கிறது. எது எவ்வளவு என்பதை ஒரே ஸ்கேனால் பிரித்துக் காட்ட முடியாது.

இனி எடை. இப்படி இளைத்தவரைப் பார்த்தால் "சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை" என்போம். பாதிதான் உண்மை. எடை குறைவதற்கு முதல் காரணம் அவர் சாப்பிடாததே. ஆனால் சத்து உறிஞ்சப்படாத கதையும் உண்டு. அது எந்த இடத்தில் நோய் என்பதைப் பொறுத்தது. வைட்டமின் பி12ஐ உறிஞ்சும் இடம் கடைசிச் சிறுகுடல் ஒன்றே. மேலே ஐந்து மீட்டர் குடல் நன்றாக இருந்தும் பயனில்லை. கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்த உப்புகளையும் திரும்ப வாங்கி ஈரலுக்கு அனுப்புவது பெரும்பாலும் அதே இடம்தான். அது கெட்டால் பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கித் தண்ணீராகப் பேதியாகும். இழப்பு கூடினால் கொழுப்பு செரிக்காமல் போகும், கூடவே வைட்டமின் டியும் கேயும் போகும். செரிக்காத கொழுப்பு குடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் தனியே நின்று ரத்தத்தில் ஏறுகிறது. குரோன் நோயாளிகளுக்குச் சிறுநீரகக் கல் வருவதற்கு இது ஒரு வழி.

இவருடைய ஹீமோகுளோபின் 8.6. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 70 என்று ஆய்வுக்கூடத் தாளில் "இயல்பு" என அச்சாகி வந்தது. அழற்சி இருக்கும்போது பெரிட்டின் பொய்யாக உயரும். 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு இருக்கலாம். அழற்சி இரும்பை உள்ளே விடாமல் தடுப்பதால் மாத்திரைக்குப் பதில் நரம்பு வழியே இரும்பு ஏற்றினார்கள். ஆல்புமின் 2.6 என்றதும் வீட்டில் முட்டை வெள்ளைக்கரு அவிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆல்புமின் இறங்கியிருப்பது புரதம் போதாமையைவிட அழற்சியின் அடையாளம். அழற்சி அடங்காமல் முட்டையால் அது ஏறாது.

உடனே வெட்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 16க்கும் கீழே, அழற்சி உச்சத்தில். இந்த உடம்பில் குடலைத் தைத்தால் தையல் கசியும் ஆபத்து அதிகம். ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் இறங்கும், ஆனால் அறுவைக்குப் பின் தொற்று கூடும். ஆகவே தேர்ந்தெடுத்த வழி, உணவை முழுக்க நிறுத்திவிட்டு ஊட்டச்சத்துத் திரவம் மட்டும் எட்டு வாரம்.

இது பத்தியச் சாப்பாடு இல்லை, மருந்து. 1984இல் பிரிட்டனில் ஓ'மொரைன் குழுவினர் சிறிய சோதனை ஒன்றில் இத்தகைய திரவத்தையும் ஸ்டீராய்டையும் ஒப்பிட்டு, நோயை அடக்குவதில் இரண்டும் சமமாக இருந்ததைக் காட்டினார்கள். இன்று குழந்தைகளின் குரோன் நோய்க்கு இது முதல் சிகிச்சை. பெரியவர்களில் பலன் அவ்வளவு வருவதில்லை. ருசி பிடிக்காமல் பாதியில் விடுவது அதற்குப் பெரிய காரணம். எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. குடலுக்கு ஓய்வு கொடுப்பதால் என்று பலரும் சொல்வது சரியல்ல, சத்து முழுவதும் குடல் வழியேதான் போகிறது. வழக்கமான சாப்பாடு இல்லாமல் போவதால் குடல் நுண்ணுயிர்கள் மாறுவது ஒரு விளக்கம். வழக்கமான சாப்பாட்டோடு இந்தத் திரவத்தையும் இரண்டு வேளை குடித்தால் இதே பலன் கிடைப்பதில்லை என்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. சக்கை இல்லாததால் 4 மி.மீ. திறப்பிலும் திரவம் நழுவிப் போகும்.

ஆபத்து முதல் வாரத்தில்தான். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சத்து இறங்கினால், ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்களுக்குள் பாய்ந்து, இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் முதலில் தயமின் ஊசி. முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி, அதாவது 460 மில்லி மட்டும். மூன்றாம் நாள் பாஸ்பேட் 1.4க்கு இறங்கியது, நோயாளிக்கு ஒன்றும் தெரியவில்லை, தினமும் ரத்தம் பார்த்ததால்தான் பிடிபட்டது. அளவை அப்படியே நிறுத்திப் பாஸ்பேட் ஏற்றிவிட்டுப் பிறகு மெல்லக் கூட்டினார்கள். எட்டாம் நாள் முழு அளவு: 1,800 மில்லி, அதில் 70 கிராம் புரதம்.

கடையில் கிடைக்கும் உடற்பயிற்சிப் புரதப் பவுடர் இதற்கு ஆகாது. முழு உணவுக்கு மாற்று என்று தயாரிக்கப்பட்ட பவுடராக இருக்க வேண்டும். 200 மில்லியாக ஒன்பது முறை, குளிர வைத்து, உறிஞ்சுகுழலில் குடித்தார். மூன்றாம் வாரம் வாசனையே குமட்டியது. அப்போது மூக்கு வழியே மெல்லிய குழாய் போட்டு, இரவு பத்து மணி நேரத்தில் 1,000 மில்லியைப் பம்ப் மூலம் ஏற்றினார்கள். குடிக்க வேண்டியது பாதிக்கும் கீழே குறைந்தது.

"ஒரு வாய் ரசஞ்சோறு மட்டும் குடுக்கலாங்களா டாக்டர்?" என்று அம்மா கேட்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. "இப்ப வேண்டாங்கம்மா. தண்ணி மட்டும் எவ்வளவு வேணா குடிக்கட்டும்." இன்னொன்றும் சொல்லி அனுப்புவார்கள்: வயிறு கல்லாக உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி வந்தால் திரவத்தை நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைக்கு வர வேண்டும். அது முழு அடைப்பு. அதில் திரவமும் போகாது.

எட்டு வாரத்தில் எடை 52. சி.ஆர்.பி. 5, கால்ப்ரோடெக்டின் 180, ஆல்புமின் 3.6. மறு ஸ்கேனில் சுவரின் வீக்கம் வடிந்து, சுருக்கம் 12 செ.மீ.யிலிருந்து 7 ஆகியிருந்தது. திறப்பு மட்டும் 5 மி.மீ.தான், மேல்குடலின் விரிவும் ஏறக்குறைய அப்படியே. வீக்கம் போன பிறகு மிஞ்சியிருப்பது தழும்பு. முதல் ஸ்கேனால் பிரிக்க முடியாததை எட்டு வாரத் திரவம் பிரித்துக் காட்டியது. என் பார்வையில் இந்தச் சிகிச்சையின் பாராட்டப்படாத பயன் இது.

மிஞ்சியதை என்ன செய்வது? கேமரா வழியே பலூன் விட்டு விரிப்பது சுமார் 5 செ.மீ. வரையுள்ள சுருக்கத்துக்குத்தான் ஏற்றது. குடலை வெட்டி எறியாமல் நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து அகலமாக்கும் முறையும் உண்டு. அது காசநோய்ச் சுருக்கங்களுக்காக இந்திய அறுவை மருத்துவர் கட்டாரியாவும் சகாக்களும் 1977இல் எழுதிய முறை; ஆக்ஸ்போர்டில் இமானுவேல் லீ அதைக் குரோன் நோய்க்குக் கொண்டுபோனார். பல இடங்களில் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது குடலைக் காப்பாற்றுகிறது. இவருக்குச் சுருக்கம் ஒன்றே என்பதால் லேப்ராஸ்கோபி மூலம் 22 செ.மீ. சிறுகுடலையும் பெருங்குடலின் தொடக்கத்தையும் எடுத்துவிட்டு இணைத்தார்கள். வயிற்றில் பை தேவைப்படவில்லை.

எடுத்துவிட்டதால் நோய் போய்விடாது. இணைத்த இடத்துக்குச் சற்று மேலேதான் அது திரும்பி வரும், வலி தெரிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே புண் தொடங்கியிருக்கும். எனவே அடலிமுமாப் ஊசி தொடங்கினார்கள். அது உறங்கும் காசநோயை எழுப்பக்கூடும் என்பதால் அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும். சிகரெட்டை நிறுத்தச் சொன்னார்கள். குரோன் நோய் திரும்புவதைப் புகை விரைவுபடுத்துகிறது. பி12 ஊசி இனி ஆயுள் முழுக்க. பித்த உப்புப் பேதிக்குக் கொலஸ்டிரமின் பவுடர்; அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும், ஆகவே அவற்றை இதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போ விழுங்க வேண்டும். முதலில் கஞ்சி, இட்லி, பிறகு குழைந்த சோறு, கீரை என்று சாப்பாடு திரும்பியது. ஆறாம் மாதக் கேமராவில் இணைப்புக்கு மேலே மூன்று சிறு புண்கள் தெரிந்தன. ஐந்துக்கு மேல் இருந்தால் மருந்தைக் கூட்டியிருப்பார்கள். இவருக்கு அதே அளவைத் தொடர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்ப்ரோடெக்டின் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.