மெஷினை விற்றால் கையில் நிற்பது எவ்வளவு?

திருப்பூரில் ஒருவர் 20 லட்சம் ரூபாய்க்கு நிட்டிங் மெஷின் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் அதை விற்றுவிடுவது அவர் திட்டம். வரி 25 சதவீதம்.

முதல் நாளில் கையை விட்டுப் போவது 20 லட்சம் மட்டுமல்ல. நூல் வாங்கி இருப்பு வைக்க வேண்டும், துணி வாங்கியவர் பணம் தரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த நடைமுறை மூலதனத்துக்கு 4 லட்சம் சேர்த்தால், தொடக்கச் செலவு 24 லட்சம்.

முதல் ஆண்டில் செலவு போக 8 லட்சம் மிஞ்சுகிறது. வருமான வரிக் கணக்கில் மெஷினுக்கு 15 சதவீதத் தேய்மானம், அதாவது 3 லட்சம் கழியும். மீதி 5 லட்சத்துக்கு வரி 1.25 லட்சம். தேய்மானம் யாருக்கும் கொடுக்கும் பணமல்ல. வரியைக் குறைப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே 8 லட்சத்தில் வரி போக 6.75 லட்சம் நிற்கிறது. ஆனால் விற்பனை கூடியதால் இருப்பும் கடன் பாக்கியும் இன்னொரு லட்சத்தை விழுங்குகின்றன. உண்மையில் கைக்கு வருவது 5.75 லட்சம். ஆர்டர் பெருகியும் பணத்தட்டுப்பாடு வருவதற்கு இதுவே காரணம். இப்படி முடங்கிய 5 லட்சமும் தொழிலை நிறுத்தும்போது திரும்பும். அது லாபமல்ல, போட்ட பணம். அதற்கு வரி கிடையாது. வராக் கடனும் விலைபோகாத நூலும் இருந்தால் அந்த அளவு குறையும்.

இரண்டு ஆண்டுத் தேய்மானம் போக மெஷினின் ஏட்டு மதிப்பு 14.45 லட்சம். 17 லட்சத்துக்கு விற்றால் வரி முழு 17 லட்சத்துக்கும் அல்ல, கூடுதலாகக் கிடைத்த 2.55 லட்சத்துக்கு மட்டுமே. வரி 63,750 ரூபாய். கையில் நிற்பது 16,36,250 ரூபாய். 12 லட்சத்துக்கே விலைபோனால் 2.45 லட்சம் நட்டம். அதனால் 61,250 ரூபாய் வரி மிச்சமாகும் என்று பாடநூல் அதையும் வரவில் சேர்க்கும்.

இந்திய வரிக் கணக்கில் இங்கேதான் கவனம் தேவை. ஒரே தேய்மான விகிதமுள்ள மெஷின்கள் ஒரே தொகுப்பாகக் கணக்கிடப்படுகின்றன. தொகுப்பில் வேறு மெஷின்களும் இருந்தால், விற்ற தொகை தொகுப்பு மதிப்பிலிருந்து கழியும். 17 லட்சத்துக்கு விற்றாலும் பொதுவாக உடனே வரி வராது. இனி வரும் ஆண்டுகளின் தேய்மானம் குறையும். 12 லட்சத்துக்கு விற்றாலும் வரிச்சலுகை உடனே வராது, மீதி 2.45 லட்சம் தொகுப்பிலேயே தங்கி ஆண்டுக்கு 15 சதவீதமாகக் கரையும்.

தொகுப்பில் இருந்தது அந்த ஒரே மெஷின் என்றால், நட்டம் குறுகியகால மூலதன நட்டமாகும். அதைத் தொழில் லாபத்தில் கழிக்க முடியாது. மூலதன ஆதாயம் வந்தால்தான் ஈடுகட்டலாம். அப்படி ஆதாயம் எதுவும் எதிர்பார்க்காதவர் திட்டக் கணக்கில் 61,250 ரூபாயைச் சேர்க்கக் கூடாது. அவருக்கு 12 லட்சம் 12 லட்சம்தான்.