18:40-இல் என்ன இருக்கிறது?

பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் பிளஸ் டூ வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, “சார், அந்த வீடியோல எதெல்லாம் பாக்கணும்?” என்பதுதான். 52 நிமிடப் பாடப் பதிவு ஒன்றை மறுபடி முழுதாக ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆசிரியர்கள் பலர் உடனே நான்கைந்து நேரக்குறிப்புகளை அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் வெறும் “18:40, 31:20, 41:00” என்பதை வைத்து மாணவன் என்ன செய்வான்? அங்கே போய் இரண்டு நிமிடம் பார்ப்பான், தலையாட்டுவான், அடுத்ததற்குத் தாவுவான்.

ஒளிமின் விளைவுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் பதிவுசெய்து வைத்திருக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியரின் செய்தி இப்படி இருக்கலாம்:

“பிள்ளைகளே, முதல் 9 நிமிடம் வேண்டாம். ஹெர்ட்ஸ் கதை, படித்தாலே போதும். 18:20-இல் ஆரம்பியுங்கள். 18:40-இல் ஒரு வரைபடம் போடுவேன். அதற்கு முன்பே நிறுத்திவிட்டு, ஒளிச்செறிவைக் கூட்டினால் நிறுத்து மின்னழுத்தம் மாறுமா என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு 23:05 வரை பாருங்கள். 31:20-இல் கணக்கு. கேள்வியை வாசித்து முடித்ததும், 31:55-இல் நிறுத்துங்கள். போட்டு முடித்த பிறகுதான் ஓட்ட வேண்டும். 41:00-இல் ஒரு பையன் சந்தேகம் கேட்பான், அதைத் தவறவிடாதீர்கள்.”

இந்தச் செய்தியில் முக்கியமான சொல் ‘நிறுத்துங்கள்’. ஏற்கெனவே கேட்ட பாடத்தை மறுபடி கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் சிக்கல். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சாரார் பகுதியைத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

அந்தக் கணக்கையே பார்க்கலாம். சீசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.14 எலக்ட்ரான் வோல்ட். அதன்மீது 300 நானோமீட்டர் அலைநீள ஒளி விழுந்தால் நிறுத்து மின்னழுத்தம் எவ்வளவு? 1240-ஐ 300-ஆல் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் 4.13 எலக்ட்ரான் வோல்ட். அதில் 2.14-ஐக் கழித்தால் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் 1.99 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே நிறுத்து மின்னழுத்தம் 1.99 வோல்ட். ஆசிரியர் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது ஒரு நிமிட வேலை. தானே போடுகிறவன் பெரும்பாலும் ஃபோட்டான் ஆற்றலை ஜூலில் கண்டுபிடித்துவிட்டு, அதிலிருந்து எலக்ட்ரான் வோல்ட்டை அப்படியே கழிப்பான். விடை மைனஸில் வந்து நிற்கும். அந்த இடத்தில் தடுக்கி விழுந்தவனுக்குத்தான் அடுத்து ஓடும் விளக்கம் உறைக்கும்.

41-ஆவது நிமிடச் சந்தேகத்தையும் சும்மா சேர்க்கவில்லை. “ஒளியைப் பிரகாசமாக்கினால் எலக்ட்ரான் ஏன் வேகமாக வெளியே வராது?” என்று மாணவன் கேட்கிறான். பிரகாசம் கூடினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொன்றின் ஆற்றலும் அதிர்வெண்ணைப் பொறுத்தது. எலக்ட்ரான்கள் அதிகம் வரும், வேகமாக வராது. 18:40 வரைபடத்தில் வெவ்வேறு செறிவுக் கோடுகள் ஏன் ஒரே புள்ளியில் போய் முடிகின்றன என்பதற்கான காரணமும் இதுவே. ஆக, இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதே சரி. என்னைக் கேட்டால், மாணவர் கேள்வி இடம்பெறும் நிமிடங்கள்தான் ஒரு பதிவின் ஆகச் சிறந்த பகுதி. ஆசிரியர்கள் அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

வெட்டுவதால் இன்னொரு வம்பும் உண்டு. தொடக்கத்தில் இரண்டு நிமிட வருகைப்பதிவை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் எல்லாக் குறிப்புகளும் இரண்டு நிமிடம் தள்ளிப்போகும். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சுற்றும் கோப்புகளிலும் இதே கதை. அதனால் நேரத்தோடு அங்கே கேட்கும் முதல் வார்த்தைகளையும் எழுதிவிடுவது நல்லது: “18:20, ‘இப்ப செறிவைக் கூட்டிப் பார்ப்போம்’”. யூடியூபில் இருந்தால் நிமிடத்தை நொடியாக்கி இணைப்பின் கடைசியில் சேர்க்கலாம். 18:20 என்றால் 1100 நொடி:

```
?t=1100
```

இணைப்பில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் `&t=1100` என்று போட வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறவர்கள் பயப்பட வேண்டாம். திரையில் தெரிவது வீடியோவின் நேரம்தான், குறிப்பு மாறாது. கணக்கு வரும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு, நோட்டில் தப்பாகப் போட்ட குறிப்புகளை மட்டும் திரும்பத் திறந்தால் போதும்.