கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும்?

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது ஹனூர். 1997 வரை மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர் மாவட்டம். தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே இருப்பதால் டீக்கடை பெஞ்சில் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேச்சு ஓடும். சீட்டை இங்கே ‘சீட்டி’ என்பார்கள். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றுதான்.

அந்த பெஞ்சில்தான் தையற்கடை அக்கா தன் சீட்டுப் புத்தகத்தை என் மடியில் போட்டார். “தம்பி, கடைசி ஆளா எடுத்தேன். ஏஜென்ட் பேங்க் வட்டியை விட நல்லா விழும்னாரு. என்னதான் விழுந்துச்சுன்னு பாத்துச் சொல்லு.”

பதிவு செய்த சீட்டு. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். ஆக, மாதம் ஒரு லட்சம் சேரும். எளிதாகப் புரியட்டும் என்று அக்காவின் எண்களை முழு ரூபாயாக்கி, ஜி.எஸ்.டி.யை ஒதுக்கிவைத்து எழுதுகிறேன். முதல் மாதச் சீட்டை நடத்துபவர் ஏலமில்லாமல் முழுதாக எடுத்துக்கொண்டார். சட்டம் அதை அனுமதிக்கிறது. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. ஒருவர் 25,000 தள்ளினால் அவர் கையில் 75,000. தள்ளிய 25,000-ல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 எல்லோருக்கும் தலைக்கு ஆயிரமாகக் கழியும். அந்த மாதம் 5,000-க்குப் பதில் 4,000 கட்டினால் போதும்.

அக்காவின் சீட்டில் இரண்டிலிருந்து நாலாம் மாதம் வரை 25,000 தள்ளு. அடுத்த நாலு மாதம் 18,000. அதற்கப்புறம் ஐந்து மாதம் 12,000, கடைசி ஆறு ஏலத்தில் வெறும் 8,000. இருபதாம் மாதம் போட்டிக்கு ஆளில்லை. கமிஷன் மட்டும் போக அக்காவுக்கு 95,000. கழிவெல்லாம் போக அவர் கட்டியது 91,750. லாபம் 3,250.

“இருபது மாசத்துக்கு இதுதானா?” என்றார் அக்கா. அவசரப்படக் கூடாது. 91,750-ம் இருபது மாதம் அங்கே கிடக்கவில்லை. முதல் தவணை 19 மாதம் கிடந்தது, கடைசித் தவணை ஒரு நாள்கூடக் கிடக்கவில்லை. ஒவ்வொரு தவணையையும் அது கிடந்த மாதங்களால் பெருக்கிக் கூட்டினால் 8,45,000 வரும். அதை 91,750-ஆல் வகுத்தால் சராசரியாக ஒரு ரூபாய் 9.2 மாதம் சீட்டில் இருந்திருக்கிறது. 91,750-க்கு 3,250 என்றால் மூன்றரை சதவீதம். அது 9.2 மாதத்துக்கு. ஆண்டுக்கு மாற்றினால் 4.6 சதவீதம். வங்கித் தொடர் வைப்பில் மாதாமாதம் கட்டியிருந்தால் ஆறு, ஏழு கிடைத்திருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் (ரிசர்வ் வங்கி குறிவைக்கும் அளவே அதுதான்) அக்காவின் காசு உண்மையில் வளர்ந்தது அரை சதவீதச் சொச்சம்.

ஏன் இவ்வளவு மெலிந்துபோனது? புத்தகத்தில் அந்த 8,000 தள்ளு மாதங்களைப் பாருங்கள். தள்ளு 25,000 ஆனாலும் 8,000 ஆனாலும் கமிஷன் அதே 5,000. ஏனென்றால் கமிஷன் தள்ளுத்தொகையின் மேல் இல்லை, முழுச் சீட்டுத்தொகையின் மேல் 5 சதவீதம். எட்டாயிரத்தில் ஐயாயிரம் போனபின் மூவாயிரத்தை இருபது பேர் பங்கிட, தலைக்கு 150 ரூபாய். இரண்டு மூன்று டீ, வடைக்குச் சரி. கடைசி மாதக் கமிஷனையும் சேர்த்து இந்த ஒரு சீட்டில் மொத்தம் கழிந்தது 2,60,000. அதில் கமிஷன் 95,000. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இது 5 சதவீதக் கணக்கு. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது கமிஷன் உச்சவரம்பை 5-லிருந்து 7 ஆக்கினார்கள். ஏழு வாங்குகிற இடத்தில் அதே 8,000 தள்ளில் மிஞ்சுவது ஆயிரம், தலைக்கு 50 ரூபாய். இதற்கு மேல் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி.; 2022 ஜூலையிலிருந்து 18 சதவீதம். அதையும் தள்ளிலிருந்தே எடுத்தால் மாதம் 900 போகும். கடைசி மாத 900-ம் அக்கா தலையில் விழுந்தால் அவருடைய 3,250-ல் பாதிக்கு மேல் காலி.

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் குறுக்கிட்டார். அவர் சீட்டும் அதே அளவு, அதே கமிஷன், ஆனால் பூராவும் வியாபாரிகள். “எங்க சீட்டியில அடிச்சுப் பிடிச்சுக் கேப்பாங்க அண்ணா.” அங்கே முதல் ஐந்து ஏலத்தில் 30,000 தள்ளு. அவர்கள் ஒப்பந்தத்தில் உச்சவரம்பு அதுதான். பல பேர் அதே தொகையைக் கேட்டதால் குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்தார்கள். அப்புறம் நாலு மாதம் 25,000, நாலு மாதம் 20,000, மூன்று மாதம் 15,000, இரண்டு மாதம் 10,000. கடைசியில் இவரும் எடுத்தது அதே 95,000. கட்டியது மட்டும் 84,750. லாபம் 10,250. அதே முறையில் கணக்கிட்டால் ஆண்டுக்கு கிட்டத்தட்ட 16 சதவீதம்.

இரண்டு பேரும் கடைசி ஆள், இரண்டு பேரும் ஏலத்தில் ஒரு ரூபாய்கூடத் தள்ளவில்லை. ஒருவருக்கு நாலரை, ஒருவருக்குப் பதினாறு. சேமிக்கிறவரின் வட்டியைத் தீர்மானிப்பது அவர் அல்ல, அவரோடு சேர்ந்த மற்றவர்களின் அவசரம். ஆகவே சேருகிற அன்றைக்கு எந்த ஏஜென்டாலும் இத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது ஊகம்.

கடன் வாங்குகிறவர் பக்கமும் இதே கதைதான், ஆனால் ஒரு வேடிக்கையோடு. அக்காவின் சீட்டில் மூன்றாம் மாதம் ஒருவர் போர்வெல் போட எடுத்தார். 25,000 தள்ளி, 75,000 வாங்கினார். அதற்குள் அவரே கட்டியிருந்தது 13,000. ஆக, அவர் உண்மையில் வாங்கிய கடன் 62,000. அதற்கப்புறம் 17 மாதத்தில் அவர் கட்டியது 78,750. தவணை தவணையாகக் கடன் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் நூற்றுக்கு சுமார் 2 ரூபாய் 70 பைசா. ஊர்ப் பேச்சில் கிட்டத்தட்ட மூன்று வட்டி. 25,000 தள்ளினேன், ஆகவே 25 சதவீதம் என்று அவர் நினைத்திருந்தால் தப்பு. ஆண்டுக்கு அது 32-ஐத் தொடுகிறது.

டீக்கடைக்காரர் சீட்டிலும் மூன்றாம் மாதம் ஒருவர் எடுத்தார், 30,000 தள்ளி. போர்வெல்காரரைவிட ஐயாயிரம் அதிகம். இவருக்கு வட்டி கூடத்தானே வேண்டும்? கணக்குப் போட்டால் மாதம் இரண்டரை ரூபாய்தான் வருகிறது. அவருக்குப் பின்னால் எடுத்தவர்களும் தாராளமாகத் தள்ளினார்கள். அந்தக் கழிவில் இவருக்கும் பங்கு உண்டே. போர்வெல்காரருக்குப் பின்னால் வந்தவர்கள் அவ்வளவு தள்ளவில்லை, அதனால் அவர் தவணை அதிகம் இறங்கவில்லை. சீட்டு எடுக்கிறவர் தன் தள்ளை மட்டும் பார்க்கிறார். அவருடைய வட்டியில் ஒரு பாதி அன்று அவருக்கே தெரியாத எதிர்காலத்தில் இருக்கிறது. நகை கையில் இருந்தால் வங்கியில் அடகு வைப்பதுதான் மலிவு என்பது என் கட்சி. நகையும் இல்லை, பத்திரமும் இல்லை என்றால் தினவட்டிக்காரரைவிடச் சீட்டு எவ்வளவோ மேல்.

அந்தப் பதினாறைக் கேட்டு அக்காவுக்கு முகம் மலர்ந்தது. “அப்போ அந்த மாதிரிச் சீட்டுல சேந்துட்டாப் போச்சு.” இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மாதாமாதம் உச்சவரம்பு வரை தள்ளுகிறவர்கள் யார்? வேறெங்கும் கடன் கிடைக்காதவர்கள். எடுத்தபிறகு கட்டாமல் நிற்கக்கூடியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். பதினாறு சதவீதம் என்பது அந்த ஆபத்தின் விலை.

எடுத்தவர் கட்டாமல் போகக் கூடாதென்றுதான் பணம் கொடுக்கும் முன் ஜாமீன் கேட்கிறார்கள். சம்பளக்காரர் கையெழுத்து அல்லது சொத்து. ஏலத்தில் ஜெயித்தாலே பணம் வந்துவிடும் என்று நினைத்து, ஜாமீனுக்கு ஆள் தேடி ஒன்றரை மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏலம் கேட்கும் முன்பே ஜாமீன்தாரரைப் பிடித்துவையுங்கள்.

பதிவு என்பதற்கு அர்த்தம் நிறுவனத்தின் பெயர்ப்பலகை அல்ல. ஒவ்வொரு சீட்டுக் குழுவும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது பதிவுத்துறை, கர்நாடகத்தில் கூட்டுறவுத்துறை. நடத்துபவர் முன்கூட்டியே ஒரு மாதச் சீட்டுத்தொகைக்கு ஈடான பணத்தை வங்கியில் பதிவாளர் பெயருக்குக் கட்டியிருக்க வேண்டும். ஒரு மாதம்தான், கவனியுங்கள். நம் சீட்டில் அது ஒரு லட்சம். நடுவில் கவிழ்ந்தால் எடுக்காமல் காத்திருக்கும் பத்துப் பேருக்கு அது போதாது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை உள்ள காப்பீடும் சீட்டுக்குக் கிடையாது. கர்நாடக அரசின் எம்.எஸ்.ஐ.எல். நிறுவனமும், கேரளத்தில் கே.எஸ்.எஃப்.இ.யும் சீட்டு நடத்துகின்றன. பின்னால் அரசு நிற்பதால் இந்தக் கவலை அங்கே குறைவு. தள்ளுக் கணக்கு மட்டும் எங்கும் மாறாது.

அக்கா அடுத்த சீட்டில் சேரப் போகிறார். சேரட்டும், கடைக்கு இரண்டாவது மெஷின் வாங்க நடுவில் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் போவதற்கு முன் ஒன்று செய்யச் சொன்னேன். ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி, 21 நாளுக்குள் அதன் நகலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே முடிந்துபோன குழுவின் மாதவாரித் தள்ளு ஒவ்வொரு நிறுவனத்திலும் எழுத்தில் இருக்கிறது. அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கடைசி ஆள் மொத்தம் எவ்வளவு கட்டினார், எவ்வளவு வாங்கினார் என்று இரண்டே எண் போதும். காட்ட மறுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.